சொக்சோவில் கட்டும் பணம் ஏன் திரும்ப வராது?

“நாலு வருசமா சொக்சோவுக்குப் பிடிக்கிறாங்க. வேலையை விட்டா அந்தக் காசை எப்போ எடுக்கலாம்?”

எஸ்பிஎம் முடித்து நேராகத் தொழிற்சாலைக்கோ கிடங்குக்கோ பேரங்காடிக்கோ வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் பலரிடம் இந்தக் கேள்வி இருக்கிறது. தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வேலைக்குப் போகும் பிள்ளையும் இதைத்தான் கேட்கிறது. பதில் ஒரே வரிதான்: எடுக்க முடியாது. வேலையை விட்டாலும் வராது, வேறு கம்பெனிக்கு மாறினாலும் வராது, 60 வயதானாலும் வராது.

இதைக் கேட்டவுடன், “அப்படியென்றால் எங்கள் காசைச் சாப்பிட்டுவிடுகிறார்களா?” என்ற கோபம் வருவது இயல்பு. சொக்சோவை ஒரு சேமிப்புக் கணக்கு என்று நினைத்தால் அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால் அது சேமிப்பு அல்ல, காப்புறுதி. இந்த வித்தியாசம் தெரியாததால் சிலர் சந்தா இல்லாத வேலையைத் தேடிப் போகிறார்கள். வேறு சில குடும்பங்கள் தங்களுக்குச் சேர வேண்டிய ஓய்வூதியத்தைக் கேட்காமலேயே விட்டுவிடுகின்றன.

சம்பளச் சீட்டில் மூன்று பிடித்தங்கள்

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். பிறையில் ஒரு தொழிற்சாலையில் மாதம் 2,000 வெள்ளி சம்பளத்துக்கு வேலை செய்யும் இளைஞரைக் குமரன் என்று வைத்துக்கொள்வோம். இவர் கற்பனை ஆள்தான், ஆனால் கணக்கு உண்மையானது.

குமரனின் சம்பளத்திலிருந்து ஊழியர் சேமநிதிக்கு, அதாவது இபிஎஃப்புக்கு, 11 விழுக்காடு போகிறது. அது 220 வெள்ளி. முதலாளி தன் பங்காக 13 விழுக்காடு, 260 வெள்ளி சேர்க்கிறார். அடுத்ததாக சொக்சோ. குமரனிடம் பிடிப்பது 9 வெள்ளி 75 காசு, முதலாளி கட்டுவது 34 வெள்ளி 15 காசு. மூன்றாவது எஸ்ஐபி என்ற வேலைக் காப்புறுதி. அதற்கு இருவரும் ஆளுக்கு 3 வெள்ளி 90 காசு கட்டுகிறார்கள்.

மூன்றும் ஒரே சீட்டில், ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சாகி வருகின்றன. அதனால் மூன்றும் ஒரே வகைப் பணம் என்று தோன்றிவிடுகிறது. ஆனால் முதலாவது மட்டும்தான் குமரனின் பெயரில் சேர்கிற பணம். மற்ற இரண்டும் எல்லாத் தொழிலாளர்களும் சேர்ந்து கட்டுகிற ஒரு பொது நிதிக்குப் போகின்றன. அந்த நிதியை நடத்துவது பெர்கேசோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம். நம் வீடுகளில் சொக்சோ என்பதும் சம்பளச் சீட்டில் பெர்கேசோ என்று இருப்பதும் ஒன்றுதான்.

இந்தக் குழப்பத்துக்கு வரலாற்றிலும் ஒரு காரணம் உண்டு. நம் நாட்டில் சேமநிதி 1951-லேயே வந்துவிட்டது. தாத்தா காலத்திலிருந்தே “சம்பளத்தில் பிடித்தால் 55 வயதில் கையில் வரும்” என்பது குடும்பங்களுக்குப் பழகிய விஷயம். சொக்சோவுக்கான சட்டம் 1969-இல்தான் வந்தது. நிறுவனம் 1971-இல் தொடங்கியது. பின்னால் வந்த இதையும் முன்னால் வந்ததைப் போலவே மக்கள் நினைத்துக்கொண்டார்கள்.

சீட்டுப் பணமும் மரண சகாய நிதியும்

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வெளியில் எங்கும் போக வேண்டாம். நம் தோட்டங்களிலும் தாமான்களிலும் இரண்டு பழக்கங்கள் உண்டு.

ஒன்று, சீட்டு. பத்துப் பேர் மாதம் 200 வெள்ளி போட்டால், ஒவ்வொருவருக்கும் ஒரு முறை 2,000 வெள்ளி வரும். யார் முன்னால் எடுப்பது, யார் பின்னால் எடுப்பது என்பதில்தான் பேச்சு. போட்ட பணம் ஏறக்குறைய போட்டவருக்கே திரும்புகிறது.

இன்னொன்று, மரண சகாய நிதி. கோயில் கமிட்டியோ சங்கமோ வீட்டுக்கு மாதம் ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி வசூலிக்கும். ஒரு வீட்டில் இறப்பு நேர்ந்தால் அன்றே ஒரு தொகை அந்த வீட்டுக்குப் போகும். அந்த வீட்டார் போன மாதம்தான் சேர்ந்திருக்கலாம், கட்டியது பத்து வெள்ளியாக மட்டும் இருக்கலாம். ஆனாலும் முழுத் தொகை கிடைக்கும். பத்து ஆண்டுகளாகக் கட்டி, வீட்டில் யாரும் இறக்காத குடும்பம் கமிட்டியிடம் போய் “எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை, கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்” என்று கேட்பதில்லை. கேட்டால் ஊர் சிரிக்கும்.

இபிஎஃப் சீட்டைப் போன்றது. சொக்சோ மரண சகாய நிதியைப் போன்றது.

இபிஎஃப்பில் உங்கள் பெயருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2024 மே மாதத்திலிருந்து 55 வயதுக்குக் குறைந்தவர்களின் சந்தா, ஓய்வுக்கால கணக்குக்கு 75 விழுக்காடு, நல்வாழ்வுக் கணக்குக்கு 15 விழுக்காடு, நெகிழ்வுக் கணக்குக்கு 10 விழுக்காடு என்று பிரிகிறது. கைப்பேசியில் ஐ-அக்கவுன் செயலியைத் திறந்தால் ஒவ்வொன்றிலும் எவ்வளவு இருக்கிறது என்று காசு வரை தெரியும். நீங்கள் இறந்தால் அது நீங்கள் நியமித்தவருக்குப் போகும்.

சொக்சோவில் உங்கள் பெயரில் “இருப்பு” என்று ஒன்று கிடையாது. அங்கே இருப்பது உங்கள் சந்தாப் பதிவு மட்டுமே, அதாவது எந்தெந்த மாதம், எந்தச் சம்பளத்துக்குக் கட்டப்பட்டது என்ற விவரம். அந்தப் பதிவு ஓர் உரிமையைத் தருகிறது. ஏதாவது நேர்ந்தால் நிதியிலிருந்து உங்களுக்கு வர வேண்டியதைக் கேட்கிற உரிமை அது.

பத்து வெள்ளிக்குக் குறைவான பணம் எங்கே போகிறது?

சொக்சோ சந்தாவுக்குள் இரண்டு திட்டங்கள் இருக்கின்றன. ஒன்று வேலை விபத்துத் திட்டம். வேலையிடத்தில் அடிபடுவது, வேலையால் வரும் நோய், வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நேரும் விபத்து ஆகியவை இதில் அடங்கும். மற்றொன்று உடல் இயலாமைத் திட்டம். காரணம் எதுவாக இருந்தாலும், ஒருவர் நோயாலோ காயத்தாலோ இனி முன்போல உழைக்க முடியாத நிலைக்குப் போய்விட்டால் இது கைகொடுக்கும்.

குமரனுக்காக முதலாளி கட்டும் 34 வெள்ளி 15 காசில், 24 வெள்ளி 40 காசு வேலை விபத்துத் திட்டத்துக்குப் போகிறது. இதில் குமரன் ஒரு காசும் போடுவதில்லை. வேலை விபத்துக் காப்புறுதி முழுவதும் முதலாளியின் செலவு. முதலாளியிடம் மீதமுள்ள 9 வெள்ளி 75 காசும் குமரனிடம் பிடிக்கும் 9 வெள்ளி 75 காசும் சேர்ந்து, மாதம் 19 வெள்ளி 50 காசாக உடல் இயலாமைத் திட்டத்துக்குப் போகின்றன.

ஆகவே “என் சம்பளத்தில் பிடித்த பணம்” என்று குமரன் சொல்வது முழுவதும் உடல் இயலாமைத் திட்டத்துக்கான அவருடைய பங்கு. நான்கு ஆண்டுகளில், அதாவது 48 மாதங்களில், அது 468 வெள்ளி. முதலாளியின் பங்கையும் சேர்த்தால் 936 வெள்ளி. இந்த 936-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கூரையிலிருந்து விழுந்தால்

குமரனுக்கு இப்போது 24 வயது. 20 வயதில் வேலைக்குச் சேர்ந்து இடைவெளி இல்லாமல் சந்தா கட்டியிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கூரைத் தகரத்தைச் சரிசெய்ய ஏறி, தவறி விழுந்து முதுகுத்தண்டு உடைகிறது. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. இது வேலையிடத்தில் நடந்ததல்ல, வேலைக்குப் போகும் வழியிலும் நடந்ததல்ல. ஆகவே வேலை விபத்துத் திட்டம் பொருந்தாது. உடல் இயலாமைத் திட்டம் பொருந்தும்.

முதலில் மருத்துவ வாரியம் அவரைப் பரிசோதிக்கும். அவருடைய நிலை நிரந்தரமானதா, வழக்கமாக ஈட்டியதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட இனி உழைத்து ஈட்ட முடியாத நிலையா என்பதை அது பார்க்கும். ஆம் என்றால் அடுத்தது சந்தாப் பதிவு. விண்ணப்பம் கிடைத்த மாதத்துக்கு முந்தைய 40 மாதங்களில் குறைந்தது 24 மாதம் சந்தா கட்டப்பட்டிருந்தால் முழு ஓய்வூதியத்துக்குத் தகுதி உண்டு. குமரனுக்கு 40 மாதமும் இருக்கிறது.

ஓய்வூதியம் எவ்வளவு? சொக்சோ சம்பளங்களை வரிசைகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. 1,900 வெள்ளிக்கு மேல் 2,000 வெள்ளி வரை சம்பளம் வாங்குபவருக்குக் கணக்கில் எடுக்கும் சம்பளம் 1,950 வெள்ளி. முதல் 24 மாதச் சந்தாவுக்கு அதில் 50 விழுக்காடு. அதற்குப் பிறகு ஒவ்வொரு 12 மாதத்துக்கும் ஒரு விழுக்காடு கூடும். உச்சம் 65 விழுக்காடு. குமரனுக்கு 48 மாதம் என்பதால் 52 விழுக்காடு. 1,950-இல் 52 விழுக்காடு என்பது 1,014 வெள்ளி. உடல் இயலாமை நீடிக்கும் வரை இது மாதந்தோறும் வரும்.

இப்போது அந்த 936-ஐ எடுத்துப் பாருங்கள். நான்கு ஆண்டுகள் அவரும் முதலாளியும் சேர்ந்து உடல் இயலாமைத் திட்டத்துக்குக் கட்டிய மொத்தப் பணமே 936 வெள்ளி. முதல் மாத ஓய்வூதியம் 1,014 வெள்ளி. சொக்சோ ஒரு சேமிப்புக் கணக்காக இருந்திருந்தால், குமரனின் பணம் முதல் மாதமே தீர்ந்து போயிருக்கும். இரண்டாவது மாதம் அவருக்குக் கொடுக்க ஒன்றும் இருந்திருக்காது.

இபிஎஃப் இருக்கிறதே என்று கேட்கலாம். அதுவும் உதவும். உடல் இயலாமைக்காகச் சேமநிதிப் பணத்தை மீட்க விதி இருக்கிறது. நான்கு ஆண்டுகளில் குமரனின் கணக்கில் அவர் பங்கும் முதலாளியின் பங்குமாக 23,040 வெள்ளி சேர்ந்திருக்கும், லாப ஈவு தனி. ஆனால் மாதம் 1,014 வெள்ளியாக எடுத்துச் செலவழித்தால் அந்த 23,040 வெள்ளி இரண்டு ஆண்டுகூட நிற்காது. 24 வயது இளைஞருக்கு முன்னால் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் இருக்கின்றன. சேமிப்பு நீண்ட காலம் உழைத்தவருக்குப் பெரிய தொகையாகும். உழைப்பு பாதியில் நின்றுபோனவருக்கு அது போதாது.

மீதிப் பணம் யாருடையது?

அப்படியென்றால் குமரனுக்கு மாதாமாதம் வரும் 1,014 வெள்ளி எங்கிருந்து வருகிறது? கூரையிலிருந்து விழாத மற்றவர்களிடமிருந்துதான்.

குமரனைப் போலவே சம்பளம் வாங்கும் 1,000 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 19 வெள்ளி 50 காசு வீதம் மாதம் 19,500 வெள்ளி சேரும். அதைக்கொண்டு 19 பேருக்கு மாதம் 1,014 வெள்ளி கொடுக்கலாம். உண்மையான நிதி இதைவிடச் சிக்கலானது. நிர்வாகச் செலவு, முதலீடு, எதிர்காலத்துக்கான ஒதுக்கீடு எல்லாம் அதில் உண்டு. ஆனால் அடிப்படை இதுதான். அந்த ஆயிரம் பேரில் பெரும்பாலோருக்கு ஒன்றும் நேராது. அவர்கள் கட்டிய பணம், நேர்ந்தவரின் வீட்டு அரிசியாகவும் மருந்தாகவும் மாறுகிறது.

இப்போது ஒவ்வொருவரும் வேலையை விடும்போது “என் 468 வெள்ளியைக் கொடு” என்று கேட்டு, நிதியும் கொடுத்தால் என்ன ஆகும்? குமரனுக்குக் கொடுக்க அங்கே எதுவும் மிஞ்சாது. திரும்பி வராத பணமாக இருப்பதால்தான் பத்து வெள்ளிக்கும் குறைவான சந்தாவால் ஆயிரம் வெள்ளி ஓய்வூதியத்தைத் தாங்க முடிகிறது.

இந்தச் சந்தாவைக் கட்டாயமாக்கியதற்கும் இதுவே காரணம். விருப்பப்பட்டவர் மட்டும் கட்டலாம் என்று விட்டால், திடமாக இருக்கும் இளைஞர்கள் விலகிக்கொள்வார்கள். நோய் உள்ளவர்களும் ஆபத்தான வேலை செய்பவர்களும் மட்டுமே மிஞ்சுவார்கள். அப்போது சந்தா பத்து வெள்ளியில் நிற்காது.

பணம் திரும்பக் கிடைப்பது போன்ற ஓர் ஏற்பாடும் சட்டத்தில் உண்டு. ஒருவர் உடல் இயலாமல் போய், ஓய்வூதியத்துக்குத் தேவையான அளவு சந்தா இல்லாமல், ஆனால் குறைந்தது 12 மாதம் கட்டியிருந்தால், உடல் இயலாமைத் திட்டத்துக்குக் கட்டிய தொகை வட்டியோடு ஒரு முறை கொடுக்கப்படும். ஆனால் அதுவும் உடல் இயலாமைக்குத்தான். வேலையை விட்டதற்கு அல்ல.

முதல் நாளிலிருந்தே உள்ள பாதுகாப்பு

சேமிப்புக்கும் காப்புறுதிக்கும் உள்ள இன்னொரு வித்தியாசம் வேலை விபத்துத் திட்டத்தில் தெளிவாகத் தெரியும். இதற்கு இத்தனை மாதம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதல் சந்தா பிடிக்கும் முன்பே விபத்து நடந்தாலும் பாதுகாப்பு உண்டு. சேமிப்புக் கணக்கில் முதல் நாள் இருப்பது பூஜ்ஜியம்தான்.

நம் இளைஞர்களில் பலர் மோட்டார் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறார்கள். வீட்டிலிருந்து வேலைக்கும், வேலையிலிருந்து வீட்டுக்கும் போகும் வழியில் நேரும் விபத்து, சொக்சோவின் பார்வையில் வேலை விபத்துதான். வேலைக்காக வெளியே போகும் பயணமும், சாப்பாட்டு நேரத்தில் அதற்காகப் போய் வருவதும் அப்படியே. ஆனால் வேலை முடிந்து நண்பரைப் பார்க்க வேறு திசையில் போய், அங்கே விபத்து நடந்தால் அது வேலை விபத்தாகக் கருதப்படாது. வழியை விட்டு விலகியதற்கும் வேலைக்கும் தொடர்பு இல்லை என்பதே காரணம்.

குமரன் அப்படிக் காலை வேலைக்குப் போகும் வழியில் இறந்துவிட்டால் என்ன ஆகும்? கணக்கில் எடுக்கும் 1,950 வெள்ளி ஒரு நாளைக்கு 65 வெள்ளியாகிறது. சார்ந்திருப்போர் உதவித்தொகை அதில் 90 விழுக்காடு, நாளுக்கு 58 வெள்ளி 50 காசு. முப்பது நாள் மாதத்துக்கு 1,755 வெள்ளி. அவருக்கு மனைவியும் பிள்ளைகளும் இருந்தால், மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு, 1,053 வெள்ளி. பிள்ளைகளுக்கு ஐந்தில் இரண்டு பங்கு, 702 வெள்ளி. பிள்ளைகளுக்கு 21 வயது வரையோ திருமணம் வரையோ வரும். மேற்படிப்பில் இருந்தால் முதல் பட்டம் முடியும் வரை நீடிக்கும்.

திருமணம் ஆகாதவராக இருந்தால் ஒன்றும் வராது என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. மனைவியோ பிள்ளையோ இல்லாதபோது, அவரைச் சார்ந்திருந்த பெற்றோருக்குப் பத்தில் நான்கு பங்கு உண்டு. இந்தக் கணக்கில் அது மாதம் 702 வெள்ளி. மகனை இழந்த பெற்றோர் அடக்கச் செலவுக்கான தொகையை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விடக் கூடாது. மாத உதவித்தொகையையும் கேட்க வேண்டும்.

கட்டுவது நின்றால் என்ன ஆகும்?

இபிஎஃப்பில் கட்டுவதை நிறுத்தினாலும், ஏற்கெனவே சேர்ந்த பணம் அங்கேயே இருக்கும், லாப ஈவும் சேரும். சொக்சோ அப்படி அல்ல. கட்டுவது நின்றால் உடல் இயலாமைத் திட்டத்தின் பாதுகாப்பு மெல்ல மெல்லக் கரையும்.

குமரனோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த நண்பர் ஒருவர் இருக்கிறார் என்போம். இரண்டு ஆண்டுகள், 24 மாதம் சந்தா கட்டினார். பிறகு “பிடித்தம் எதுவும் இல்லை, முழுச் சம்பளமும் கையில்” என்று சொன்ன குத்தகையாளர்களிடம் மாறி மாறி வேலை செய்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து அவருக்குப் பக்கவாதம் வருகிறது.

முந்தைய 40 மாதங்களில் அவருடைய சந்தா பூஜ்ஜியம். இன்னொரு வழி இருக்கிறது. முதல் சந்தாவிலிருந்து இன்று வரை உள்ள மாதங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சந்தா இருந்தால் முழு ஓய்வூதியம். மூன்றில் ஒரு பங்குக்காவது இருந்தால் குறைந்த ஓய்வூதியம். எப்படியும் 24 மாதத்துக்குக் குறையக் கூடாது. நண்பருக்கு மொத்தம் 84 மாதங்கள் ஓடிவிட்டன. மூன்றில் ஒரு பங்கு 28. அவரிடம் இருப்பது 24. நான்கு மாதக் குறைவில் வாழ்நாள் ஓய்வூதியம் போய்விடுகிறது. கிடைப்பது ஒரு முறை கொடுக்கும் அந்தத் தொகை மட்டுமே. மாதம் 19 வெள்ளி 50 காசு வீதம் 24 மாதத்துக்கு 468 வெள்ளி, அதோடு வட்டி.

மாதம் பத்து வெள்ளி மிச்சம் என்று அவர் நினைத்தார். ஐந்து ஆண்டுகளில் மிச்சமானது 600 வெள்ளிகூட இல்லை.

பிடித்தம் இல்லாத சம்பளம் தொழிலாளருக்குச் செய்யும் உதவி அல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். முதலாளிதான் பெரிய பங்கைக் கட்ட வேண்டியவர். பிடிக்காமல் விட்டால் அவருக்குத்தான் அதிக மிச்சம். தொழிலாளரைப் பதியாமலும் சந்தா கட்டாமலும் இருப்பது குற்றம். 10,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. முதலாளி கட்டவில்லை என்பதற்காகத் தொழிலாளரின் வேலை விபத்துக் கோரிக்கை தானாக விழுந்துவிடாது. அப்படி நேர்ந்தவர்கள் பேசாமல் இருக்காமல் பெர்கேசோ அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும்.

எஸ்ஐபியும் சேமிப்பு அல்ல

2018 ஜனவரியில் தொடங்கிய வேலைக் காப்புறுதித் திட்டத்திலும் இதே குழப்பம் உண்டு. வேலை போனால் பணம் வரும் என்று கேள்விப்பட்டு, தாங்களே ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டுப் போய்க் கேட்கிறார்கள். அவர்களுக்குக் கிடைக்காது. ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும், ஒப்பந்தக் காலம் முடிந்து வெளியேறியவருக்கும் கிடைக்காது.

கம்பெனி மூடப்பட்டதால், ஆட்குறைப்பால், அல்லது கம்பெனி முன்வைத்த விருப்பப் பணிவிலகல் திட்டத்தால் வேலை இழந்தவருக்கே அது உரியது. முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, பிறகு படிப்படியாகக் குறைந்து, அதிகபட்சம் ஆறு மாதம் வரை கிடைக்கும். வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே ஆட்குறைப்பு நேரத்தில் மேலாளர் ஒரு தாளை நீட்டி “ராஜினாமா என்று கையெழுத்துப் போடு” என்றால், போடும் முன் யோசியுங்கள். அந்த ஒரு சொல் ஆறு மாத உதவியை நிறுத்திவிடக்கூடும்.

இப்போதே பார்க்க வேண்டியவை

சம்பளச் சீட்டில் சொக்சோ அல்லது பெர்கேசோ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருப்பது மட்டும் போதாது. பிடித்த பணம் உண்மையில் போய்ச் சேர்ந்ததா என்றும் தெரிய வேண்டும். ஒவ்வொரு மாதச் சந்தாவையும் முதலாளி அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். அடையாள அட்டையோடு அருகிலுள்ள பெர்கேசோ அலுவலகத்துக்குப் போனால் உங்கள் சந்தாப் பதிவைக் கேட்டுப் பார்க்கலாம். இடையில் மாதங்கள் விடுபட்டிருந்தால், அந்தக் கம்பெனியில் வேலை செய்ததற்கான சம்பளச் சீட்டுகளைக் காட்டி அங்கேயே புகார் கொடுங்கள். பழைய சம்பளச் சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள்.

கட்டியிருக்கும் சம்பளத் தொகையையும் கவனியுங்கள். 2,400 வெள்ளி கொடுத்துவிட்டு 1,700-க்கு மட்டும் சந்தா கட்டினால், பிற்காலத்தில் ஓய்வூதியமும் அந்தக் குறைந்த தொகையை வைத்தே கணக்கிடப்படும். மிகைநேரச் சம்பளமும் சொக்சோ சந்தாக் கணக்கில் சேரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

விபத்து நேர்ந்தால் முதலாளிக்கு உடனே தெரிவியுங்கள். தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அவர் பெர்கேசோவுக்கு அறிவிக்க வேண்டும். சாலை விபத்து என்றால் போலீஸ் புகார், மருத்துவ விடுப்புச் சீட்டு, அன்றைய வேலை வருகைப் பதிவு, வீட்டிலிருந்து வேலையிடம் வரையுள்ள வழியையும் விபத்து நடந்த இடத்தையும் காட்டும் வரைபடம் ஆகியவை தேவைப்படும். போலீஸ் புகாரில் “வேலைக்குப் போகும் வழியில்” அல்லது “வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில்” என்பது தெளிவாக இருக்கட்டும். வெறுமனே “மோட்டார் சைக்கிளில் சென்றபோது” என்று இருந்தால், வேலைக்கும் அந்தப் பயணத்துக்கும் உள்ள தொடர்பைப் பின்னால் நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும்.

கடைசியாக, நீங்கள் சொக்சோ சந்தாதாரர் என்பதை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். அம்மாவிடமோ மனைவியிடமோ அக்காவிடமோ சொன்னால் போதும். உங்களால் பேச முடியாத நாளில் போய்க் கேட்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.